பில் ஏன் திரும்பி வருகிறது?

சென்னை கிண்டியில் ஒரு நிறுவனம். தொழிற்சாலைகளுக்கான பம்புகளை விற்கிறது. பெங்களூருவில் அதற்கு ஒரு கிளை இருக்கிறது. 2026 ஜனவரியில் அதன் விற்பனை மேலாளர் பெங்களூரு போகிறார். இரண்டு இரவு ஓட்டலில் தங்கி, வாடிக்கையாளர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். செலவு முழுவதும் அவருடைய சொந்த கிரெடிட் கார்டில். வந்த மறுநாளே பில்களைப் படமெடுத்து கிளைம் போட்டுவிடுகிறார். மேலதிகாரியும் ஒப்புதல் தந்துவிட்டார். நான்காம் நாள் அக்கவுண்ட்ஸிலிருந்து தொலைபேசி.

"சார், ஓட்டல் பில்லுல நம்ம ஜிஎஸ்டி நம்பர் தப்பா இருக்கு."

"தப்பா? நம்ம கம்பெனி நம்பரைத்தானே கொடுத்தேன்?"

"நம்ம நம்பர்தான் சார். ஆனா அது சென்னை நம்பர். 33-ல ஆரம்பிக்கிறது. அங்கே 29-ல ஆரம்பிக்கிறதைக் கொடுத்திருக்கணும்."

இந்த நிறுவனமும் மேலாளரும் விளக்கத்துக்காக இங்கே வரைந்துகொண்ட மாதிரிகள். ஆனால் இந்த உரையாடல் தமிழ்நாட்டின் பல அலுவலகங்களில் நடப்பதுதான். தங்கியது உண்மை, கொடுத்த பணம் உண்மை, ஓட்டல் தந்த பில்லும் உண்மை. அப்படியிருக்க, தன் கைப்பணத்தைத் திரும்பக் கேட்கிற ஒருவரை ஒரு எண்ணுக்காக ஏன் நிறுத்திவைக்கிறார்கள்?

ஊழியர் பில்லைச் செலவுக்கான சாட்சியாகப் பார்க்கிறார். நிதிப் பிரிவு அதே காகிதத்தை மூன்று கேள்விகளோடு பார்க்கிறது. இந்தச் செலவு நடந்ததா? நடந்திருந்தால் அது நிறுவனத்தின் வேலைக்காகவா? இந்தக் காகிதத்தை நாளை வரி அதிகாரி கேட்டால் எடுத்துக் காட்ட முடியுமா? முதல் இரண்டுக்கும் ஊழியரிடமும் அவருடைய மேலதிகாரியிடமும் பதில் இருக்கும். மூன்றாவதற்கான பதில் ஓட்டல் வரவேற்பு மேசையில் பில் அச்சாகும்போதே முடிவாகிவிடுகிறது. பெரும்பாலான மனஸ்தாபங்கள் இந்த மூன்றாவது கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

அந்தப் பதினைந்து எழுத்து எண்ணில் ஒரு முகவரியே அடங்கியிருக்கிறது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29, கேரளாவுக்கு 32, மகாராஷ்டிராவுக்கு 27. அடுத்த பத்து எழுத்துகள் நிறுவனத்தின் பான் எண். கடைசி மூன்றில் ஒன்று, அந்த மாநிலத்தில் அதே பான் எண்ணுக்கு இது எத்தனையாவது பதிவு என்று சொல்கிறது. இறுதியில் வருவது எண்ணைப் பிழையாக எழுதினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எழுத்து. இரண்டு மாநிலங்களில் பதிவு செய்த நிறுவனத்துக்கு இரண்டு எண்கள். நடுவில் இருக்கும் பான் ஒன்றுதான் என்றாலும், ஜிஎஸ்டி சட்டத்தின் பார்வையில் சென்னை அலுவலகமும் பெங்களூரு கிளையும் தனித்தனி ஆட்கள்.

மேலாளர் தங்கிய அறைக்கு ஒரு இரவு வாடகை 8,000 ரூபாய். இரண்டு இரவுக்கு 16,000. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைக்கு வரி 18 சதவீதம் என்பதால் வரி மட்டும் 2,880 ரூபாய். பில்லில் அது மத்திய ஜிஎஸ்டி 1,440, மாநில ஜிஎஸ்டி 1,440 என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். இங்கே மாநிலம் என்பது கர்நாடகா. தங்குபவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், ஓட்டல் அறையைப் பொறுத்தவரை சேவை வழங்கப்பட்ட இடம் அந்தக் கட்டடம் நிற்கும் இடம்தான் என்று சட்டம் சொல்கிறது.

நிறுவனம் தன் தொழிலுக்காக வாங்கும் சேவைக்குக் கட்டிய வரியை, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். உள்ளீட்டு வரி வரவு என்று இதற்குப் பெயர்; அலுவலகங்களில் ஐடிசி என்பார்கள். அந்த 2,880 ரூபாய் நிறுவனத்துக்குத் திரும்பி வரக்கூடிய பணம். ஆனால் கர்நாடகாவுக்குப் போன மாநில வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் கழிக்க முடியாது; கூடவே இருக்கும் மத்திய வரியையும் எடுக்க முடியாது. கிளையின் 29 எண்ணைக் கொடுத்திருந்தால், பெங்களூரு கிளை தன் கணக்கில் முழுத் தொகையையும் எடுத்துக்கொண்டிருக்கும். 33 எண் பதிவான அந்த நொடியிலேயே வரவு கைவிட்டுப் போய்விட்டது.

அடுத்த மாதம் இது திரையிலும் தெரிந்துவிடும். விற்றவர்கள் தங்கள் கணக்கில் காட்டிய பில்களைத் திரட்டி, வாங்கியவருக்கு ஜிஎஸ்டி இணையதளம் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி ஒரு பட்டியல் தருகிறது. ஜிஎஸ்டிஆர்-2பி என்று பெயர். நம் மேலாளரின் ஓட்டல் பில்லும் அதில் வரும். ஆனால் வரவு கிடைக்காதவை என்ற பகுதியில் உட்கார்ந்திருக்கும். விற்றவர் மாநிலமும் சேவை நடந்த இடமும் ஒன்று, பெற்றவர் மாநிலம் வேறு என்று காரணமும் பதிவாகியிருக்கும். 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் காட்டிய விவரம் இப்படி வாங்கியவருக்கு வந்து சேராமல் வரவு எடுக்கக் கூடாது என்பது சட்டம். பில் கையில் இருந்தால் போதும் என்ற காலம் அன்றோடு முடிந்தது.

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ தங்கியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. 33 எண்ணே போதும். நிறுவனத்துக்குப் பதிவே இல்லாத மாநிலத்தில், உதாரணமாக மகாராஷ்டிராவில், தங்கினால் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அறை வரி திரும்ப வராது. அப்போதும் நிறுவனத்தின் பெயரில் பில் வாங்குவது செலவுக் கணக்குக்கு உதவும், அவ்வளவுதான். விமானப் பயணத்தில் விதி வேறு. டிக்கெட் எடுக்கும்போதே ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிட்டால், சேவை நடந்த இடமாக அந்த எண்ணின் மாநிலமே கொள்ளப்படும். அதனால் மேலாளர் விமானத்துக்குச் சென்னை எண்ணைக் கொடுத்தது சரி. அதையே ஓட்டலிலும் கொடுத்ததுதான் வினையாகிவிட்டது. இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தராமல் ஒருவர் தானாக ஊகித்துவிட முடியாது.

பில்லைத் திருத்த முடியாதா? முடியும், ஆனால் நேரம் முக்கியம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகங்கள் இன்னொரு பதிவு பெற்ற நிறுவனத்துக்கு பில் போடும்போது, 2023 ஆகஸ்ட் 1 முதல் அதை அரசின் மின் பில் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். தளம் அந்த பில்லுக்கு 64 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாள எண்ணும் க்யூஆர் கட்டமும் தரும். பதிந்த 24 மணி நேரத்துக்குள் ஓட்டல் அதை ரத்து செய்து புதிதாகப் போடலாம். அதைத் தாண்டினால் பழைய பில்லுக்கு கிரெடிட் நோட் போட்டு, புதிய பில் எழுத வேண்டும். ஐந்தாம் நாள் தொலைபேசியில் அழைக்கும் ஒரு முன்னாள் விருந்தினருக்காக ஓட்டல் கணக்காளர் இவ்வளவு வேலை செய்வாரா என்பது அவருடைய நல்ல மனத்தைப் பொறுத்தது. அறையைக் காலி செய்யும்போது அங்கேயே நின்று முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்துவிட்டால் அரை நிமிடத்தில் முடிகிற காரியம் இது.

அறை வாடகை தவிர அந்த பில்லில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன: உணவு 1,500 ரூபாய், துணி சலவை 400 ரூபாய். இரண்டுக்கும் 18 சதவீதம் வரி சேர்த்தால் 1,770, 472. அறையோடு சேர்த்து மொத்தம் 21,122 ரூபாய். கார்டு ரசீதில் இந்த ஒற்றைத் தொகைதான் இருக்கும். நிதிப் பிரிவு அதைக் கொண்டு பணம் தராது. ஓட்டலின் விரிவான பில்லை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பிரிக்கும்.

பிரிப்பதற்குக் காரணம் உண்டு. உணவுக்குக் கட்டிய வரியை, வேலை நிமித்தம் சாப்பிட்டிருந்தாலும், பொதுவாக வரவு எடுக்க முடியாது. சட்டமே தடுத்துவைத்திருக்கும் பட்டியலில் உணவும் பானமும் இருக்கின்றன. வாடகைக் காரும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. ஆகவே 29 எண் சரியாக இருந்திருந்தாலும் உணவின் வரி 270 ரூபாய் நிறுவனத்தின் செலவாகவே போயிருக்கும். சலவையில் கேள்வி வேறு: அது நிறுவனத்தின் பயண விதியில் இருக்கிறதா? இந்த நிறுவனத்தில் மூன்று இரவுக்கு மேல் தங்கினால்தான் சலவைச் செலவு உண்டு என்று வைத்துக்கொள்வோம். 472 ரூபாய் கழிக்கப்படும். அதை வரி அதிகாரி கேட்கப் போவதில்லை. நிறுவனம் தன் ஊழியர்களோடு செய்துகொண்ட ஏற்பாடு அது. ஒருவருக்குத் தளர்த்தினால் அடுத்தவருக்கும் தளர்த்த வேண்டியிருக்கும்.

மேலாளரின் கிளைமில் மீதி இருந்தவை: விமான டிக்கெட் 9,450, செயலி வழியாக அழைத்த டாக்சி 2,340, பில் இல்லாத ஆட்டோ 300, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரு லேப்டாப் அடாப்டர் 1,180. மொத்தக் கிளைம் 34,392 ரூபாய்.

டிக்கெட்டுக்கு அவர் இணைத்திருந்தது பயண விவரத்தாள். அது வரி பில் ஆகாது. விமான நிறுவனத்தின் இணையதளத்தில் டிக்கெட் எண்ணைக் கொடுத்து ஜிஎஸ்டி பில்லைத் தனியாகத் தரவிறக்க வேண்டும். கூடவே போர்டிங் பாஸும் கேட்பார்கள். பலருக்கு இது எரிச்சலூட்டும் கேள்வி. டிக்கெட் எடுத்தவர் பறக்காமலா இருப்பார்? பறக்காமலும் இருக்கலாம் என்பதுதான் பதில். டிக்கெட் எடுத்து, பில்லை கிளைமில் சேர்த்துவிட்டு, பிறகு ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறுவது பழைய தந்திரம். டிக்கெட் வாங்கியதை பில் காட்டும்; பயணம் நடந்ததை போர்டிங் பாஸ்தான் காட்டும்.

அடாப்டருக்கு அவர் வைத்திருந்தது ஒரு துண்டுச்சீட்டும் யுபிஐ திரைப்படமும். சீட்டின் தலையில் 'எஸ்டிமேட்' என்று அச்சிட்டிருந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியவர்களுக்கும் இந்தச் சீட்டு பழக்கமானதே. "பில் வேணும்னா ஜிஎஸ்டி சேரும் சார்" என்று கடைக்காரர் சொல்வார். வாங்குபவரும் சரி என்று எஸ்டிமேட்டோடு வந்துவிடுவார். இந்தச் சீட்டு விலை மதிப்பீடு மட்டுமே, விற்பனை நடந்ததற்கான ஆவணம் அல்ல. யுபிஐ படம், கார்டு எந்திரத்தின் சீட்டு இரண்டும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போனதைச் சொல்லும். எதற்காகப் போனது என்று சொல்லாது. அதனால்தான் பில்லும் பணம் கட்டிய சாட்சியும் சேர்ந்தே கேட்கப்படுகின்றன. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் கதை பாதியில் நிற்கிறது. அடாப்டரின் 1,180 ரூபாய், முறையான பில் வரும்வரை நிறுத்திவைக்கப்படும்.

ஆட்டோவின் 300 ரூபாய் சிக்கலில்லாமல் போய்விடும். எங்கிருந்து எங்கே, எதற்காக என்று எழுதி ஊழியரே கையெழுத்திட்ட வவுச்சரைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு வரம்புக்குள் ஏற்கின்றன. இங்கே நிதிப் பிரிவினர் சிலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி எண் இல்லாத பில் என்றாலே போலி என்று தள்ளிவிடுகிறார்கள். சேவை தருபவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை பதிவே தேவையில்லை. ஒரு சிறு மெஸ் நடத்தும் அம்மா கையால் எழுதித் தரும் பில் முழுக்கச் சட்டப்படியானது. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு ஓட்டல், எண் இருந்தும் வரி வசூலிக்கக் கூடாது. அதன் பில்லில் வரி வரி இல்லாதது குறை அல்ல. மாறாக, காம்போசிஷன் என்று எழுதிவிட்டு வரியும் சேர்த்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகம் என்று வரும்போது, அனுபவமுள்ள கணக்காளர் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. காகிதத்துக்குள் இருக்கும் பொருத்தத்தைப் பார்க்கிறார். ஒரு விற்பனையாளரின் பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது, வரிசையாக ஓட வேண்டும், 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்று ஜிஎஸ்டி விதி கூறுகிறது. வரித் துறைக்காக எழுதப்பட்ட இந்த விதி கணக்காளருக்கும் நல்ல கருவி. விற்றவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி மூன்றையும் சேர்த்துக் கணினியில் தேடினால், ஒரே பில் இரண்டு முறை வந்திருந்தால் உடனே தெரியும். ஒரே டாக்சியில் போன இரண்டு சகாக்கள் தெரியாமலேயே இருவரும் கிளைம் செய்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. முன்பணமாக வாங்கியதை மறந்து மீண்டும் கேட்பதும் அப்படியே. எல்லா இரட்டை பில்லும் மோசடி அல்ல.

வேண்டுமென்றே செய்ததைக் காட்டிக்கொடுப்பது வரிசை எண். ஒரே உணவகத்தின் மூன்று பில்கள், தேதிகள் மூன்று வார இடைவெளியில், எண்கள் மட்டும் 417, 418, 419 என்று அடுத்தடுத்து இருந்தால், அந்தக் கடை மூன்று வாரம் வேறு யாருக்கும் சாப்பாடு போடவில்லை என்று அர்த்தமாகிவிடும். யாரோ ஒரே நாளில் பில் புத்தகத்தைக் கையில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

வரி விகிதமும் பேசும். 7,500 ரூபாய்க்கு உட்பட்ட ஓட்டல் அறைக்கு 12 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. அதற்குப் பிந்தைய தேதியிட்ட ஒரு பில்லில் 4,000 ரூபாய் அறைக்கு 12 சதவீதம் போட்டிருந்தால், ஓட்டலின் மென்பொருள் பழையதாக இருக்கலாம்; யாராவது பழைய பில்லின் தேதியை மாற்றியும் இருக்கலாம். எதுவானாலும் கேட்காமல் விட முடியாது. அதேபோல் பில்லில் முகவரி பெங்களூரு, விற்பவரின் எண் 33-ல் தொடங்குகிறது என்றால் நின்று பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வணிகத்தின் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகியிருந்தால் எந்தத் தேதியில் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், கடவுச்சொல் வேண்டாம்.

மின் பில்லில் இருக்கும் க்யூஆர் கட்டம் இதைவிட வலுவானது. அதற்குள் விற்றவர் எண், வாங்கியவர் எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை, அடையாள எண் ஆகியவை அரசின் மின்கையொப்பத்தோடு இருக்கின்றன. 3,540 ரூபாய் பில்லில் முதல் இலக்கத்தை 8 ஆக்குவது கணினியில் சிரமமில்லை. மேலே தொகையை மாற்றியவர் வரியையும் எழுத்தில் எழுதிய தொகையையும் மாற்ற நினைவு வைத்திருந்தாலும், கட்டத்துக்குள் இருக்கும் 3,540-ஐ மாற்ற முடியாது. சரிபார்க்கும் செயலியில் காட்டினால் பழைய தொகையே வரும். ஆனால் இந்த வசதி எல்லா பில்லுக்கும் இல்லை: சிறு கடைகளுக்கு மின் பில் கட்டாயமில்லை, பயணிகள் போக்குவரத்துக்கு விலக்கு, ஊழியரின் சொந்தப் பெயரில் போட்ட பில்லில் அடையாள எண்ணே இருக்காது. அங்கெல்லாம் மேலதிகாரியின் ஒப்புதல்தான் முக்கியமான காவல். அவர் ஊரையும் நாளையும் பார்க்காமல் 'அப்ரூவ்' அழுத்திவிட்டால், பின்னால் இருப்பவர் எத்தனை எண்களைச் சரிபார்த்தாலும் அந்தச் சந்திப்பு நடந்ததா என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

உண்மையான பில்லாக, சரியான எண்ணோடு இருந்தும் சில செலவுகளை நிதிப் பிரிவு இந்த வழியில் வர விடாது. கிளை அலுவலகத்தில் ஒரு விழா. பந்தலும் சாப்பாடும் ஒப்பந்தக்காரரிடம் 45,000 ரூபாய்க்குப் பேசி, ஒரு ஊழியரே கொடுத்துவிட்டு கிளைம் போடுகிறார். நல்லெண்ணம்தான். ஆனால் ஒப்பந்தக்காரருக்கு ஒரே பில்லில் 30,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கும்போது நிறுவனம் வருமான வரியைப் பிடித்தம் செய்துதான் கொடுக்க வேண்டும். டிடிஎஸ் என்று நாம் சொல்வது அதுதான். ஊழியர் முழுத் தொகையையும் கொடுத்தபின் பிடிக்க எதுவும் மிச்சமில்லை. அந்த வரியையும் வட்டியையும் நிறுவனம் தன் பணத்தில் கட்ட நேரும். ரொக்கத்திலும் இதே போன்ற ஆபத்து. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொழில் செலவை, சில விலக்குகள் தவிர, வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. ஓட்டலுக்கு கார்டிலோ யுபிஐயிலோ கட்டச் சொல்வது இதனால்தான். பெரிய தொகை என்றால் ஊழியர் நடுவில் வராமல், பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு விற்பவருக்கு நிறுவனமே நேராகக் கட்டுவதுதான் சரி.

இனி நம் மேலாளரின் கணக்குக்கு வருவோம். 34,392 ரூபாயில் சலவை 472 கழிகிறது. அடாப்டர் 1,180 நிற்கிறது. தர வேண்டியது 32,740. அப்படியானால் அந்த 2,880 ரூபாய்? சில நிறுவனங்கள் எண்ணைத் தவறாகக் கொடுத்தது ஊழியரின் குற்றம் என்று அந்த வரியை அவர் தலையில் கட்டுகின்றன. இன்னும் சில, ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் பில் சரியாக வரும்வரை முழுத் தொகையையும் நிறுத்திவைக்கின்றன. இரண்டுமே நியாயமில்லை.

விற்பனையாளருக்குப் பணத்தை நிறுத்திவைப்பதற்குப் பொருள் இருக்கிறது. அவர் தன் கணக்கில் பில்லைக் காட்டினால்தான் வரவு வரும். பணத்தை நிறுத்தினால் அவர் காட்டுவார். ஊழியர் விற்பனையாளர் அல்ல. ஓட்டல் எப்போது கணக்குத் தாக்கல் செய்யும் என்பது அவர் கையில் இல்லை. அவருடைய பணம் ஏற்கெனவே போய்விட்டது. கிரெடிட் கார்டுக்காரர் அடுத்த மாதம் வட்டியோடு கேட்பார். செலவு உண்மையாக நடந்தது, நிறுவனத்தின் வேலைக்காக நடந்தது, விதிக்கு உட்பட்டது என்று தெரிந்த அன்றே அந்தப் பணம் அவருடையது. கைவிட்டுப் போன வரவு நிறுவனத்தின் நட்டம். எந்த ஊரில் எந்த எண்ணைக் கொடுப்பது என்று பயணத்துக்கு முன் ஒரு சீட்டில் எழுதித் தந்திருக்க வேண்டியது நிறுவனம்தான். தந்த பிறகும் ஒருவர் மீண்டும் மீண்டும் கவனிக்காமல் விட்டால், அது வேறு பேச்சு.

ஊழியர் தரப்பிலும் ஒரு கடமை உண்டு: தாமதிக்காமல் பில்லைத் தருவது. ஒரு நிதியாண்டின் பில்லுக்கான வரவை அடுத்த நவம்பர் 30-க்குள், அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதிக்குள், எடுத்துவிட வேண்டும். 2026 ஜனவரி பில்லுக்கு 2026 நவம்பர் 30 கடைசி நாள். தூரமாகத் தெரிந்தாலும், தவறான பில்லைத் திருத்த ஓட்டலுக்கு ஆகும் காலத்தையும் சேர்த்தால் அவ்வளவு தூரமில்லை. பல நிறுவனங்கள் 30 நாள் என்று கெடு வைப்பது இதற்காகத்தான்.

இன்னொரு காரணம் காகிதத்திலேயே இருக்கிறது. டாக்சியிலும் உணவகத்திலும் தரும் வழவழப்பான சீட்டு வெப்பத்தால் அச்சாவது. பர்ஸுக்குள் சில மாதங்கள் கிடந்தால் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். ஜிஎஸ்டி சட்டமோ, கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் அந்த ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. அதனால் வாங்கிய அன்றே எடுத்த படம்தான் பெரும்பாலும் எஞ்சும் ஆவணம். நான்கு மூலைகளும், தேதியும், பில் எண்ணும், இரண்டு ஜிஎஸ்டி எண்களும் தெரிகிறபடி அந்தப் படம் இருக்க வேண்டும். மேலாளருக்கு 32,740 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகு, அந்தப் படங்களும், மேலதிகாரியின் ஒப்புதலும், 472 ரூபாய் ஏன் கழிந்தது என்று எழுதிய குறிப்பும் ஒரே கிளைம் எண்ணின் கீழ் சேமிக்கப்படுகின்றன.